தூரத்து லேயருக்கு மூட்டம் போடுவது எப்படி: கம்போசிட் படத்துக்கு ஆழம் தரும் முழுமையான வழிகாட்டி

நாலைந்து படங்களை வெட்டி ஒட்டி ஒரு கம்போசிட் செய்கிறோம். வெட்டு சுத்தமாக இருக்கிறது, வெளிச்சம் வரும் திசை பொருந்துகிறது, அளவும் சரி. இருந்தும் எல்லாம் ஒரே அட்டையில் ஒட்டியது போலத் தெரிகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பின்னால் இருக்கும் மலையின் நிழல், முன்னால் நிற்பவரின் தலைமுடி அளவுக்குக் கருப்பாக இருக்கிறது. நடுவில் மூன்று கிலோமீட்டர் காற்று இருக்கும்போது அந்தக் கருப்பு கண்ணுக்கு வந்து சேரவே சேராது.

மூட்டம் என்றதும் பலர் ஒரு வெள்ளைப் பிரஷ்ஷை எடுத்து மலைமேல் தடவத் தொடங்குகிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் படம் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும், ஆழம் வராது. மூட்டம் போடுவது என்றால், தூரத்துப் பொருளின் இருட்டான இடங்களை, தூரத்துக்குத் தக்கபடி, தொடுவானத்தின் நிறத்தை நோக்கி நகர்த்துவது. வேலை முழுக்க அதை வைத்துத்தான். அதனால் ஒவ்வொரு லேயரிலும் நாம் பார்க்க வேண்டிய முதல் இடம் அதன் ஆழ்ந்த நிழல்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை, மார்கழிக் காலை. முன்னால் ஒரு பாறைமேல் ஒருவர் நிற்கிறார். அவர் கேமராவிலிருந்து 10 மீட்டர். கீழே வயல்வெளி விரிகிறது. 500 மீட்டரில் ஒரு பனைமர வரிசை. 3 கிலோமீட்டரில் ராஜகிரி. அதற்கும் பின்னால் 12 கிலோமீட்டரில் ஒரு மலைத்தொடர், மேலே வானம். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு லென்ஸில் எடுத்த படம். சூரியன் இடப்பக்கம், சட்டகத்துக்கு வெளியே. மென்பொருள் ஃபோட்டோஷாப்.

முதலில், காற்று என்ன செய்கிறது

தூரத்துப் பொருளிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை வழியிலுள்ள காற்றும் தூசும் நீர்த்துளிகளும் சிதறடித்துவிடுகின்றன. அதே துகள்கள் வானத்து வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பியும் விடுகின்றன. முதலாவது பொருளை மங்கச் செய்கிறது. இரண்டாவது அதன்மேல் ஒரு ஒளித்திரையைப் போடுகிறது. இழந்தது எத்தனை பங்கோ, அதே பங்குக்கு மூட்டத்தின் நிறம் வந்து சேருகிறது. ஃபோட்டோஷாப்பில் ஒரு நிற லேயரை Normal மோடில் வைத்து Opacity-யைக் குறைத்தால் நடப்பதும் இதே கணக்குதான். ஆகவே சிறப்பு பிளக்-இன் எதுவும் வேண்டியதில்லை.

எவ்வளவு போடுவது என்பதற்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் ஹரால்ட் கோஷ்மீடர் 1924-ல் தந்த கோட்பாட்டிலிருந்து வருவது இது. V என்பது அன்றைக்கு எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்பது, d என்பது பொருளின் தூரம், இரண்டும் கிலோமீட்டரில். t என்பது பொருளின் வெளிச்சத்தில் சிதறாமல் நம்மிடம் வந்து சேரும் பங்கு.

```
t    = e^(-3.912 * d / V)
haze = 1 - t
```

நம் படத்துக்கு V 20 கிலோமீட்டர் என்று வைப்போம். லேசான மூட்டமுள்ள சாதாரணக் காலை. பனைமரத்துக்கு 9 சதவீதம் வருகிறது, ராஜகிரிக்கு 44, பின்மலைக்கு 90. முன்னால் நிற்பவருக்குப் பூஜ்யம்.

மூட்டம் தூரத்தோடு நேர்விகிதத்தில் ஏறாது என்பதைக் கவனியுங்கள். முதல் சில கிலோமீட்டரில் வேகமாக ஏறி, அப்புறம் மெதுவாகத் தொடுவானத்தின் நிறத்தில் போய்க் கரைகிறது. 10, 20, 30 என்று சம இடைவெளியில் ஏற்றிக்கொண்டே போன படங்கள் செயற்கையாகத் தெரிவது இதனால்தான்.

இந்த எண்களை அப்படியே போட்டால் படம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். சூத்திரம் பேசுவது உண்மையான வெளிச்சத்தின் அளவைப் பற்றி. திரையில் 0 முதல் 255 வரை நாம் பார்க்கும் எண்கள் வெளிச்சத்தோடு நேர்விகிதத்தில் போவதில்லை. வழக்கமான அமைப்பில் ஃபோட்டோஷாப் லேயர்களைக் கலப்பது அந்த எண்களை வைத்துத்தான். மூட்டத்தின் நிறம் 208 என்று கொண்டால், 44 சதவீதத்தில் ராஜகிரியின் கருப்பு 92-க்கு ஏறும். வெளிச்சக் கணக்கில் பார்த்தால் அது 144-க்குப் போக வேண்டும். கேமராவும் நிழல்களைக் கொஞ்சம் அழுத்தித்தான் தருகிறது என்பதால், நிஜப் புகைப்படத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஆகவே சூத்திரத்தைக் கீழ் வரம்பாக எடுத்துக்கொண்டு அருகிலுள்ள லேயர்களை மேலே தள்ளுங்கள். நம் படத்தில் பனைமரத்துக்கு 17, ராஜகிரிக்கு 55, பின்மலைக்கு 91 என்று வைக்கிறேன். பின்மலைக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை; வித்தியாசமெல்லாம் கிட்டத்தில்தான்.

படி 1: ஏற்கெனவே இருக்கும் மூட்டத்தைக் கழற்றுவது

பலரும் தாண்டிப் போகும் படி இது. ராஜகிரியை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால், அந்த ஒரு கிலோமீட்டர் காற்று அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் நம்முடையதையும் போட்டால் மூட்டம் இரட்டிப்பாகும். போதாததற்கு, அந்த நாளின் மூட்டம் நீலமாகவும் நம்முடையது சாம்பலாகவும் இருந்தால் நிறமும் இடிக்கும்.

Info பேனலைத் திறந்து, ஐட்ராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து, மலையில் இருட்டான ஒரு பாறை இடுக்கின்மேல் கொண்டுபோங்கள். 10, 12 என்று காட்டினால் படம் சுத்தம். 38, 44, 52 என்று காட்டினால் பழைய மூட்டம் இருக்கிறது, அதுவும் நீலமானது. ஒரு Levels லேயரை அந்தப் படத்தோடு கிளிப் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலிலும் தனித்தனியாக இடது முனையிலுள்ள கருப்பு முக்கோணத்தை அந்தந்த எண்ணுக்குச் சற்று முன்பு வரை நகர்த்துங்கள். முழுக் கருப்பாக்க வேண்டாம், 8 முதல் 12 வரை விடுங்கள். Camera Raw Filter-இல் உள்ள Dehaze-உம் இதைச் செய்யும். ஆனால் அது நிறச்செறிவையும் சேர்த்து ஏற்றிவிடுவதால் நான் Levels பக்கம்தான் போவேன்.

படமே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி எடுத்ததாக இருந்தால் கழற்ற முயல வேண்டாம். இருக்கும் கொஞ்ச விவரத்தை இழுத்தால் கிரெய்னும் பட்டைகளும்தான் மேலே வரும். அந்த மலையைப் பின்மலையாகவே பயன்படுத்துங்கள்.

படி 2: மூட்டத்தின் நிறத்தை எடுப்பது

நிறத்தை மனதிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் வானத்தின் படத்திலேயே அது இருக்கிறது. தொடுவானத்தை ஒட்டி, பின்மலையின் முகட்டுக்குச் சற்று மேலே, 31 by 31 Average வைத்து எடுங்கள். மிகத் தூரத்துப் பொருள் போய்ச் சேரும் நிறம் அதுதான். உச்சி வானத்து நீலத்தை எடுத்துவிட்டால் மலை வானத்தைவிட நீலமாகி, வெட்டி வைத்தது பளிச்சென்று தெரியும். நம் படத்தில் கிடைத்த எண்கள் 200, 208, 214.

சூரியன் சட்டகத்துக்குள்ளோ ஓரத்திலோ இருந்தால் ஒரு நிறம் போதாது. துகள்கள் வெளிச்சத்தை முன்னோக்கி அதிகமாகச் சிதறடிப்பதால் சூரியன் இருக்கும் பக்கத்து மூட்டம் கூடுதல் பிரகாசமாகவும், காலை மாலைகளில் மஞ்சளாகவும் இருக்கும். அப்போது தொடுவானத்தின் இரு ஓரத்திலும் நிறம் எடுத்து, ஒற்றை நிறத்துக்குப் பதிலாக இடமிருந்து வலமாக Gradient Fill போடுங்கள்.

படி 3: ஒவ்வொரு லேயருக்கும் ஒரு மூட்டம்

படத்தை முதலில் 16 Bits/Channel-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். காரணம் கடைசியில் வரும்.

பின்மலையிலிருந்து தொடங்குவோம். அந்த லேயருக்கு மேலே ஒரு Solid Color லேயர், நிறம் 200, 208, 214. Alt+Ctrl+G அழுத்தினால் (மேக்கில் Option+Command+G) அது மலையோடு கிளிப் ஆகும், வானத்தில் படியாது. Opacity 91. மலை ஏறக்குறைய மறைந்து, முகட்டின் கோடு மட்டும் மெல்லியதாக நிற்கும். பயப்பட வேண்டாம். 20 கிலோமீட்டர் பார்வை உள்ள நாளில் 12 கிலோமீட்டர் மலை அப்படித்தான் தெரியும். அதைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்ட ஆசை இருந்தால் அந்த ஒரு லேயரை மட்டும் 75-க்குக் குறைக்காதீர்கள். V-ஐ 35 கிலோமீட்டர் என்று மாற்றி எல்லா லேயரையும் மறுபடி கணக்கிடுங்கள். ஒரே காற்றுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது.

மோடு Normal-ஆகவே இருக்கட்டும். Screen போடச் சொல்லும் டுடோரியல்கள் நிறைய உண்டு. அது நிழலைச் சரியாகத் தூக்கினாலும் வெளிர் பகுதிகளில் தப்பாகப் போகும். மலையடிவாரத்தில் வெயில் படும் ஒரு வெளிர்ச் சுவர் 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். Normal-இல் 55 சதவீதம் போட்டால் அது 222-க்கு இறங்கும். Screen-இல் அதே 55 போட்டால் 247-க்கு ஏறும். மூட்டத்தின் நிறத்தைவிட வெளுப்பான பொருள் தூரம் போகப் போக மங்க வேண்டும். Screen அதை ஒளிர வைக்கிறது. சுவர் மலையை விட்டு முன்னால் குதித்து வந்தது போலத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கும்.

ராஜகிரிக்கும் இதே முறை, 55. பனைக்கு 17.

ராஜகிரிதான் படத்தின் மையம் என்பதால் அதற்கு மட்டும் இன்னும் நுட்பமாகப் போகலாம். சுத்தமான காற்று நீல வெளிச்சத்தைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். தூசும் நீர்த்துளிகளும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிக்கும். மார்கழிக் காலையில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே சிவப்புக்கு 50, பச்சைக்கு 55, நீலத்துக்கு 60 என்று மூன்று சானலுக்கும் வேறு வேறு அளவு தரலாம். ஒற்றை நிற லேயரில் இது முடியாது, Levels-இல் முடியும். Solid Color-ஐ அணைத்துவிட்டு, ஒரு Levels லேயரைக் கிளிப் செய்து, கீழே உள்ள Output Levels-ஐ சானல் சானலாக மாற்றுங்கள். A என்பது மூட்டத்தின் நிறம்.

```
output black = A * haze
output white = A * haze + 255 * (1 - haze)

R: 100, 228
G: 114, 229
B: 128, 230
```

நிழல்கள் 100, 114, 128 என்று நீலம் ஏறி நிற்கின்றன. வெளிர் பகுதிகள் 228, 229, 230 என்று நடுநிலையாகவே இருக்கின்றன. பாறையின் நிழல் பக்கம் நீலமாகவும், வெயில் பக்கம் தன் மண்நிறத்தின் சாயலோடும் இருக்கும். மலை முழுவதற்கும் நீலம் பூசினால் இந்தப் பிரிவு வராது.

படி 4: தரைக்கு மட்டும் வேறு கணக்கு

மலையோ மரவரிசையோ, ஒவ்வொன்றும் முழுவதுமாக ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்பதால் அந்தந்த லேயருக்கு ஒரே அளவு போதும். வயல்வெளி அப்படியல்ல. நம் காலடியிலிருந்து ராஜகிரியின் அடிவாரத்தையும் தாண்டி அது ஒரே லேயராகக் கிடக்கிறது. இதற்கு மாஸ்க்கில் கிரேடியன்ட் வேண்டும். அதைக் கீழிருந்து மேலாகச் சீராக இழுத்துவிட்டால் பாதி வயல் வீணாக வெளுத்துப்போகும்.

தட்டையான தரையில் ஒரு புள்ளியின் தூரமும், தொடுவானக் கோட்டிலிருந்து அது எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்பதும் எதிர்விகிதத்தில் இருக்கும். நம் படத்தில் 500 மீட்டர் பனை வரிசையின் அடி, தொடுவானத்துக்கு 200 பிக்சல் கீழே இருக்கிறது. அப்படியானால் 100 பிக்சலில் 1 கிலோமீட்டர், 50-இல் 2, 25-இல் 4. சூத்திரத்தின்படி மூட்டம் முறையே 9, 18, 32, 54 சதவீதம். அதாவது தொடுவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டைக்குள்தான் மூட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வயல் ஏறக்குறைய தெளிவாகவே இருக்க வேண்டும்.

செய்முறை எளிது. வயலுக்கும் ஒரு Solid Color கிளிப் செய்து, மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்து, மாஸ்க் தேர்வில் இருக்கும்போதே Ctrl+M அழுத்தி Curves-ஐ நடுவில் கீழே இழுங்கள். இந்த நான்கு புள்ளிகளிலும் மூட்டம் கணக்கோடு பொருந்தும் வரை சரிசெய்யுங்கள். மற்ற லேயர்களை மேலே தள்ளியது போல இதையும் அதே அளவுக்குத் தூக்கிவிடுங்கள்; பனையின் அடியும் அதை ஒட்டிய வயலும் ஒரே மூட்டத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொரு வகையிலும் உதவும். 3 கிலோமீட்டர் மலையின் அடிவாரம் தொடுவானத்துக்குச் சுமார் 33 பிக்சல் கீழே வர வேண்டும். உங்கள் படத்தில் அது 120 பிக்சல் கீழே கிடந்தால், நீங்கள் அதை வைத்திருப்பது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில். அதன்மேல் 55 சதவீத மூட்டம் போட்டால் பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று உறுத்தும். மலையை நகர்த்துங்கள், அல்லது மூட்டத்தைக் குறையுங்கள்.

படி 5: தரைப்பனி

மலையடி வெளுத்தும் உச்சி தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று எல்லாப் படத்திலும் செய்கிறார்கள். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. பொதுவான மூட்டம் அதைவிடப் பல மடங்கு உயரத்துக்குப் பரவியிருக்கும். அதனால் பகல் நேரப் படத்தில் இந்த மலையின் அடிக்கும் உச்சிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது; மேல்-கீழ் கிரேடியன்ட் தேவையே இல்லை.

மார்கழிக் காலை என்பதால் மட்டும் நமக்கு அது வேண்டும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றில் ஈரம் துளியாகிப் படர்வது தரைப்பனி. அது மூட்டத்திலிருந்து வேறானது: தாழ்வாக, தட்டையாக, வெள்ளையாக இருக்கும். ஆகவே தனி லேயராகப் போடுங்கள். பனை வரிசைக்குப் பின்னால், ராஜகிரிக்கு முன்னால் ஒரு புதிய லேயர். மூட்டத்தின் நிறத்தைவிடச் சற்றே வெளுத்த நிறம். பெரிய மென்மையான பிரஷ், Flow 5 சதவீதம். படுக்கை வாக்கில் மட்டும் இழுங்கள். மேல் விளிம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முடியட்டும். இந்த லேயரைக் கிளிப் செய்ய வேண்டாம், அது இரண்டு பொருளுக்கும் நடுவில் கிடக்கும் காற்று. பனையின் தண்டுகள் அதன் முன்னால் கருப்பாக நிற்கும்போது படத்தில் ஒரு இடைவெளி திறப்பதை உடனே காணலாம்.

இங்கேதான் வெட்டின் குறைகளும் வெளியே வரும். பனையோலைகளின் நடுவே பழைய வானத்தின் நீலம் ஒட்டியிருந்தால், வெளுத்த பின்னணியில் அது புள்ளி புள்ளியாகத் தெரியும். Layer > Matting > Defringe-இல் 1 பிக்சல் கொடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் Select > Color Range-இல் அந்த நீலத்தைத் தேர்ந்து மாஸ்க்கிலேயே மறைத்துவிடுங்கள்.

தூரத்து மலைக்கு Gaussian Blur போடாதீர்கள். மூட்டம் மாறுபாட்டைத்தான் குறைக்கும். மலைமுகட்டின் கோடு கூர்மையாகவே இருக்கும். முகடு குழைந்துவிட்டால் கண் அதை லென்ஸின் ஃபோகஸ் விலகலாகப் படிக்கிறது. அப்போது மலை பெரிதாகத் தெரியாது, பொம்மை மாடல் போலச் சிறுத்துவிடும்.

படி 6: கிரெய்னைத் திருப்பிக் கொடுப்பது

நிற லேயருக்குச் சொந்தமாகக் கிரெய்ன் கிடையாது. 91 சதவீதம் போட்ட மலையில் பழைய கிரெய்ன் 9 சதவீதம்தான் மிஞ்சும். முன்னால் நிற்பவரின் சட்டையில் கிரெய்ன் இருக்க, மலை வழவழப்பாக இருந்தால் ஒட்டு தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே 50% Gray நிரப்பிய ஒரு லேயர், மோடு Overlay, Filter > Noise > Add Noise, Gaussian, Monochromatic, அளவு 2 சதவீதத்தில் தொடங்கி 100 சதவீத ஜூமில் பார்த்து மாற்றுங்கள். மாஸ்க் போட்டு, கிரெய்ன் இல்லாத தூரத்துப் பகுதிகளில் முழுதாகவும், ஏற்கெனவே கிரெய்ன் உள்ள முன்பகுதியில் குறைவாகவும் விடுங்கள்.

சரியா என்று பார்ப்பது

எல்லா லேயருக்கும் மேலே ஒரு Threshold லேயரைப் போட்டு, அதன் ஸ்லைடரை இடது கோடியிலிருந்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். முதலில் முன்னால் நிற்பவரின் முடியும் ஆடையின் நிழல்களும் கருப்பாகத் தோன்ற வேண்டும். அடுத்து பனை, அப்புறம் வெகுநேரம் கழித்து ராஜகிரியின் இடுக்குகள், கடைசியில் பின்மலை. எந்த லேயராவது வரிசையைத் தாண்டி முன்னதாகக் கருத்தால் அதன் மூட்டம் குறைவு. இரண்டு லேயர் ஒன்றாகக் கருத்தால் அவை இரண்டும் ஒரே தூரத்தில் நிற்பதாகத்தான் கண்ணுக்குப் படும். பின்மலை தன் முகட்டை ஒட்டிய வானத்துக்கும் பிறகு கருத்தால் படி 2-இல் நிறம் தப்பாக எடுத்திருக்கிறீர்கள். நிறத்தில் ஏமாறும் கண் இந்தக் கருப்பு வெள்ளையில் ஏமாறாது. பார்த்து முடித்ததும் Threshold-ஐ அணைத்துவிடுங்கள்.

முன்பகுதியில் நிஜமான கருப்பு ஒன்று இருக்கிறதா என்றும் Info-வில் பாருங்கள். முன்னால் இருப்பவரின் ஆழ்ந்த நிழலே 45 என்று இருந்தால், பின்னால் எவ்வளவு மூட்டம் போட்டாலும் ஆழம் வராது. படம் முழுக்க வெளிறும். மூட்டத்தை ஏற்றாமல் முன்பகுதியின் கருப்பை 10 அளவுக்கு இறக்குங்கள்.

JPEG-ஆக வெளியே எடுக்கும்போது தொடுவானத்தருகே படிப்படியான பட்டைகள் வரலாம். 8 பிட்டில் நெருக்கமான நிறங்களுக்கு நடுவே போதிய படிகள் இல்லாததுதான் காரணம். 16 பிட்டில் வேலை செய்யச் சொன்னது இதற்காக. கடைசியில் 8 பிட்டுக்கு மாற்றும்போது, மேலே போட்ட கிரெய்ன் அந்தப் படிகளை உடைத்துவிடும். அப்படியும் பட்டை தெரிந்தால், வானத்திலும் பின்மலையிலும் மட்டும் கிரெய்னை இன்னும் ஒரு சதவீதம் ஏற்றி மறுபடி எடுங்கள்.